மின்தடை குறைந்தால் மோட்டாரை ஓட்டலாமா?

அன்புள்ள ஐயா,

ஓசூரில் ஒரு பம்ப் கம்பெனியில் கையேடு எழுதுகிறேன். ரிலே, டிரிப், இன்சுலேஷன் என்று எழுதினால் ‘இது என்ன தமிழ்?’ என்கிறார் மேலாளர். தமிழாக்கினால் சர்வீஸ் ஆட்கள் சிரிக்கிறார்கள். எதைத் தமிழாக்குவது, எதை விடுவது என்று நீங்கள் எப்படி முடிவு செய்கிறீர்கள்?

செ., ஓசூர்

அன்புள்ள செ.,

நான் அடி வாங்கிய இடத்திலிருந்து தொடங்குகிறேன். போர்வெல் மோட்டார் கையேட்டில் ‘காப்பு மின்தடை 1 மெகாஓமுக்குக் குறைந்தால் மோட்டாரை இயக்க வேண்டாம்’ என்று எழுதியிருந்தேன். பாடநூல்படி பிழையே இல்லை. பாலக்கோட்டுப் பக்கம் தக்காளித் தோட்டத்தில் அதை உரக்கப் படித்த விவசாயி கேட்டார்: “மின்தடை குறைஞ்சா நல்லதுதானே, அப்பத்தானே மோட்டார் ஓட்டணும்?”

நான் சொல்ல வந்தது இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸை. அவருக்கு மின்தடை என்றால் கரண்ட் கட். செய்தித்தாளும் அப்படித்தான் எழுதுகிறது. அந்தச் சொல் ஏற்கெனவே வேறு வேலைக்குப் போய்விட்டது. காப்பு என்றதும் கைக்காப்பு ஞாபகம் வராமல் போனதே பெரிது!

மாற்றி எழுதினேன்: ‘மெயினை அணைத்து, பேனலிலிருந்து மோட்டார் கேபிளைக் கழற்றி, 500 வோல்ட் மெக்கரில் பாருங்கள். ரீடிங் 1 மெகாஓமுக்குக் கீழே இருந்தால் மோட்டாரை ஓட்டாதீர்கள். கேபிள் ஜாயின்ட்டிலோ காயிலிலோ தண்ணீர் இறங்கியிருக்கலாம்.’ புதுச்சொல்லே தேவைப்படவில்லை.

கடையில் கேட்டு வாங்கும் சாமானின் பெயரை நான் தொடுவதில்லை. தருமபுரியில் எந்தக் கடையில் போய் ‘மிகைச்சுமை உணர்த்தி’ கேட்பது? ரிலே ரிலேதான். கான்டாக்டரை மட்டும் பார்த்து எழுதுங்கள், கொஞ்சம் பிசகினால் பஸ் கண்டக்டர் ஆகிவிடும். டிரிப்பையும் அப்படியே விட்டுவிடுங்கள். ‘துண்டிப்பு’ என்றால் பில் கட்டாததால் லைனைப் பிடுங்கிவிட்டார்கள் என்று பொருளாகிவிடுகிறது.

ஆனால் டிரை ரன்னுக்குச் சொல் தேடித்தான் ஆக வேண்டியிருந்தது. மோட்டார் நின்றதும், ஆம்பியர் கூடிவிட்டது என்று நினைத்துப் பலர் ஓவர்லோடு டயலைக் கூட்டி வைக்கிறார்கள். உண்மையில் நடப்பது நேர் எதிர். போரில் தண்ணீர் இறங்கி பம்ப் சும்மா சுற்றும்போது ஆம்பியர் குறைகிறது, அந்தக் குறைவைப் பார்த்துத்தான் ரிலே நிறுத்துகிறது. தண்ணீரால் குளிர வேண்டிய மோட்டார் அது, அப்படியே ஓடினால் சூடேறிக் கெட்டுப்போகும். இதை மனதில் பதிய வைக்க ‘வறட்டு ஓட்டம்’ என்று எழுதினேன். வறட்டு இருமல் தெரிந்தவருக்கு இது விளக்காமலே புரிகிறது. பேனலில் எரிவது ஆங்கில எழுத்து என்பதால் இரண்டையும் சேர்த்தேன்: ‘DRY RUN விளக்கு எரிந்தால் வறட்டு ஓட்டம். ஓவர்லோடு டயலைத் தொடாதீர்கள், நீர்மட்டம் ஏறும்வரை பொறுங்கள்.’

அதிலும் ஒரு ஓட்டை இருந்தது. கேட் வால்வு மூடியிருந்தாலும் ஆம்பியர் குறையும், அதே விளக்கு எரியும், போரில் தண்ணீர் நிறைய இருக்கும். ரிலேவுக்கு வித்தியாசம் தெரியாது, என் சொல்லோ வறட்சி என்று அடித்துச் சொல்கிறது. சொல்லை மாற்றவில்லை. அடுத்த பதிப்பில் ‘முதலில் கேட் வால்வு திறந்திருக்கிறதா பாருங்கள்’ என்று அதற்கு முன்னால் ஒரு வரி சேர்த்தேன்.