கவர் லெட்டரில் பம்மவும் வேண்டாம், பீற்றவும் வேண்டாம்

கேள்வி: பி.காம் முடித்து திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மூன்று வருடம் அக்கவுண்ட்ஸ் பார்த்தேன். அம்மாவின் உடல்நிலையால் 14 மாதம் வேலைக்குப் போகவில்லை. கவர் லெட்டரில் நான் எழுதிய பத்தி: ‘எனக்கு அனுபவம் குறைவுதான், இடையில் வேலையும் விட்டுப்போனது. இருந்தாலும் ஒரு வாய்ப்பு கொடுத்தால் கடினமாக உழைப்பேன்.’ நண்பர் மாற்றித் தந்தது: ‘ஜிஎஸ்டியில் நான் நிபுணர். என்னைவிடப் பொருத்தமானவர் உங்களுக்குக் கிடைக்கமாட்டார்.’ எதை அனுப்புவது?

பதில்: இரண்டையும் அனுப்பாதீர்கள். ஒன்று கெஞ்சுகிறது, இன்னொன்று அளக்கிறது. ஆனால் குறை இரண்டிலும் ஒன்றுதான்: மூன்று வருடம் அந்த மேஜையில் உட்கார்ந்து நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள் என்பது எதிலும் இல்லை.

கெஞ்சும் பழக்கம் பள்ளிக்கூடத்து லீவ் லெட்டரிலிருந்து வருகிறது. ‘தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று எழுதித்தானே வளர்ந்தோம். லீவ் லெட்டர் அனுமதி கேட்பது. இங்கே நீங்கள் அனுமதி கேட்கவில்லை. அவர்களுக்கு முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அது உங்களுக்குத் தெரியும் என்று சொல்கிறீர்கள்.

சரி, எப்படி எழுதுவது? கடைசியாக முழுதாக வேலை பார்த்த ஒரு மாதத்தை நினைத்து, 1ஆம் தேதியிலிருந்து 20ஆம் தேதிவரை என்ன செய்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். நூல்காரர், சாயப்பட்டறை, பிரிண்டிங் என்று வந்த பில்களை டாலியில் ஏற்றியிருப்பீர்கள். 14ஆம் தேதி, சப்ளையர்கள் ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றிய பில்களின் பட்டியலான GSTR-2B வந்ததும் அதை உங்கள் பர்ச்சேஸ் கணக்கோடு ஒப்பிட்டிருப்பீர்கள். நாலைந்து பில் அதில் இருக்காது. சப்ளையர் ஏற்ற மறந்திருப்பார். அவர் ஏற்றாதவரை உங்கள் கம்பெனிக்கு அந்த இன்புட், அதாவது வாங்கியபோது கட்டிய வரியின் கழிவு, கிடைக்காது என்பதால் போன் போட்டுத் துரத்தியிருப்பீர்கள். முதலாளிக்குப் பணம் மிச்சமான இடம் அதுதான். அதை எழுதாமல் ‘கடின உழைப்பாளி’ என்று எழுதி என்ன பயன்?

இப்போது பத்தி இப்படி வரும். எண்ணை மட்டும் உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள்:

‘திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் மூன்று வருடம் கொள்முதல் கணக்கைப் பார்த்தேன். மாதம் சுமார் 250 பில்களை டாலியில் பதிந்து, GSTR-2B உடன் ஒப்பிட்டு, விடுபட்டவற்றைச் சப்ளையர்களிடம் பேசிச் சேர்க்கவைத்தேன். குடும்பத்தில் ஒருவரைக் கவனித்துக்கொள்ள 14 மாதம் விலகியிருந்தேன். இப்போது முழுநேர வேலைக்குத் தயார். உங்கள் விளம்பரத்தில் உள்ள கொள்முதல் ஒப்பீட்டை முதல் மாதத்திலிருந்தே எடுத்துச் செய்ய முடியும்.’

இடைவெளி ஒரே வாக்கியத்தில் முடிந்துவிட்டது பாருங்கள். ‘துரதிர்ஷ்டவசமாக’, ‘மன்னிக்கவும்’ எதுவும் இல்லை. அது மூன்றாவது வாக்கியமாக வருவதும் முக்கியம். முதலிலேயே சொன்னால் படிப்பவர் அதன் வழியாகத்தான் மற்றதைப் பார்ப்பார்.

ஒரு இடத்தில் மட்டும் நிதானம் வேண்டும். ஜிஎஸ்டி ரிட்டர்னைத் தாக்கல் செய்தது யார்? பல சின்ன கம்பெனிகளில் அது ஆடிட்டர் ஆபீஸ் வேலை. கணக்கைத் தயார்செய்து கொடுப்பது மட்டும் உங்கள் வேலை. அப்படியானால் ‘தயாரித்தேன்’ என்றே எழுதுங்கள். ‘தாக்கல் செய்தேன்’ என்று எழுதிவிட்டு, நேர்முகத்தில் ‘GSTR-3B-யில் இன்புட்டை எந்த அட்டவணையில் காட்டுவீர்கள்?’ என்று கேட்டால் விழிப்பீர்கள். மறுபக்கம், முழுக்க நீங்களே தயாரித்ததை ‘உதவினேன்’ என்று எழுதுவதும் தப்பு. உண்மையிலேயே இன்னொருவர் பொறுப்பில் இருந்து நீங்கள் கூடமாட நின்றிருந்தால் மட்டும் ‘உதவினேன்’. தன்னம்பிக்கை, பெருமை, தயக்கம் எல்லாமே இந்த ஒரு வினைச்சொல்லில்தான் அடங்கியிருக்கிறது.

அப்புறம், ‘ரெஸ்யூம் எழுதித் தருகிறோம், வேலையும் வாங்கித் தருகிறோம்’ என்று பணம் கேட்பவர்களிடம் போய்விடாதீர்கள். ஆள் எடுக்கும் வேலையில் நான் இருந்தபோது, ஒரே வாரத்தில் ஆறு பேரிடமிருந்து எழுத்துப் பிசகாமல் ஒரே பத்தி வந்தது: ‘டைனமிக்’, ‘ரிசல்ட் ஓரியண்டட்’, ‘டீம் பிளேயர்’. ஆறு பேரும் ஒரே ஏஜென்சிக்குக் காசு கட்டியவர்கள். கூப்பிட்டு விசாரித்தால் இரண்டு பேருக்கு அந்தச் சொற்களின் அர்த்தமே தெரியவில்லை. அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ‘தகுந்த சம்பளம்’ என்று போட்டுவிட்டு, எட்டாயிரமா இருபதாயிரமா என்றுகூடச் சொல்லாமல், கவர் லெட்டர் மட்டும் கட்டாயம் என்று கேட்கும் நிறுவனங்கள்மேல்தான் கோபம். கேட்டதைப் படிப்பதும் இல்லை.

படிப்பவர் அரை நிமிடம்தான் தருவார் என்றே வைத்துக்கொண்டு ஐந்து வாக்கியத்தைத் தாண்டாதீர்கள். இதை ஆங்கிலத்தில் மாற்றும்போது ‘ஐ திங்க்’, ‘ஐ பிலீவ்’, ‘ஹம்பிளி’, ‘கைண்ட்லி கன்சிடர்’ நான்கும் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். அனுப்புமுன் தேடி எடுத்துவிடுங்கள். நண்பர் எழுதிய ‘நிபுணர்’ திரும்பி வந்திருந்தால் அதையும்.