அளவுக்குள் சுமை வைத்தும் பிளாஸ்டிக் தட்டு தொய்வது ஏன்?

கேள்வி: 20 கிலோ தாங்கும் என்று எழுதியிருந்த பிளாஸ்டிக் புத்தக அலமாரி ஒன்றை வாங்கினேன். அந்த அளவுக்கு மேல் எதையும் வைக்கவில்லை. முதல் நாள் தட்டு லேசாகத்தான் வளைந்தது. இரண்டு மாதத்தில் நடுப்பகுதி நன்றாகத் தொய்ந்துவிட்டது. புத்தகங்களை எடுத்த பிறகும் முழுமையாக நிமிரவில்லை. இறுக்கமாக முடுக்கிய போல்ட்டுகளும் தளர்ந்துள்ளன. பழுதான பொருளை விற்றுவிட்டார்களா?

பதில்: பழுது என்று உறுதியாகச் சொல்ல இந்த அறிகுறிகள் போதா. ஆனால் அந்த 20 கிலோ எத்தனை காலத்துக்கு, எந்த வெப்பநிலையில் என்று எழுதாமல் விட்டது பெரிய குறை. அதை நீங்கள் விற்பனையாளரிடம் தாராளமாகக் கேட்கலாம்.

பிளாஸ்டிக்கின் நடத்தையைப் புரிந்துகொள்ள இரண்டு உறுப்புகள் போதும். ஒன்று சுருள்வில்: சுமை வைத்தவுடன் நீளும், எடுத்தவுடன் பழைய நிலைக்கு வரும். மற்றொன்று தணிப்பான்: கெட்டியான எண்ணெய் நிரம்பிய உருளைக்குள் நகரும் பிஸ்டன், அதாவது கதவை மெல்ல மூடச் செய்யும் கருவியில் இருப்பது போன்றது. அது சுமைக்கு உடனே இடங்கொடாமல், காலம் செல்லச் செல்ல நகரும். சுமையை எடுத்தாலும் தானாகத் திரும்பி வராது. நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், பிளாஸ்டிக்கில் இவ்விரு குணங்களும் சேர்ந்தே இருக்கின்றன.

உங்கள் தட்டில் நிகழ்ந்தது ஊர்வு, அதாவது சுமை மாறாமலிருக்க வளைவு மட்டும் வளர்ந்துகொண்டே போவது. இதை விளக்க மூன்று பகுதிகளை வரிசையாக இணைத்த பர்கர்ஸ் மாதிரி உதவும். முதல் நாள் கண்ட லேசான வளைவு தனிச் சுருள்வில்லின் வேலை. அடுத்த நாட்களில் மெல்ல வளர்ந்த வளைவில் ஒரு பங்கு, சுருள்வில்லும் தணிப்பானும் அருகருகே பிணைந்த கெல்வின்–வோய்ட் பகுதியுடையது. சுமையை எடுத்ததும் இந்தப் பங்கு மெதுவாக, சில நாட்கள் எடுத்துக்கொண்டு, மீளும். எஞ்சியது தனித் தணிப்பானில் ஏற்பட்ட நகர்வு, அது மீளாது. எனவே உங்கள் தட்டு இன்னும் கொஞ்சம் நிமிரக்கூடும், ஆனால் முழுமையாக நிமிரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

அளவோடு பார்ப்போம். 80 செ.மீ. இடைவெளி, 30 செ.மீ. அகலம், 2 செ.மீ. தடிமன் உள்ள திண்மமான பாலிப்ரொப்பிலீன் தட்டின் இரு முனைகளையும் தாங்கிகள் மேல் வைத்து, 20 கிலோவைச் சீராகப் பரப்புவதாகக் கொள்வோம். பொருளின் விறைப்பு 1400 மெகாபாஸ்கல் என்றால் நடுவில் ஏறத்தாழ 5 மி.மீ. தொய்வு ஏற்படும். சுமை தொடர்ந்து 1000 மணி, அதாவது ஆறு வாரங்கள் இருந்தபின், பொருள் 500 மெகாபாஸ்கல் விறைப்புடையதைப் போல நடந்துகொள்ளும் என்று எடுத்துக்கொண்டால், தொய்வு 13 மி.மீ. ஆகிவிடும். இந்த வகைப் பிளாஸ்டிக்கில் இத்தகைய வீழ்ச்சி வியப்புக்குரியதன்று. கடையில் ஐந்து நிமிடம் கையால் அழுத்திப் பார்ப்பது முதல் எண்ணை மட்டுமே காட்டும். வெயில் படும் சன்னலருகில் வைத்தால் நிலைமை மேலும் மோசமாகும், ஏனெனில் வெப்பம் ஏறினால் தணிப்பானின் எண்ணெய் நீர்த்துப்போவதற்கு ஒப்பாகச் சங்கிலிகள் எளிதில் நழுவுகின்றன.

இதற்குச் சிறந்த தீர்வு நடுவில் ஒரு தாங்கி வைப்பதே. இடைவெளி பாதியானால் தொய்வு பதினாறில் ஒரு பங்காகக் குறையும். மேலே கணக்கிட்ட 13 மி.மீ. ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே போய்விடும். தட்டைத் தலைகீழாகத் திருப்புவது சில வாரங்களுக்கு மட்டுமே உதவும். புதிதாக வாங்குவதானால் கண்ணாடி இழை சேர்த்த தட்டையோ, அடியில் உலோகக் கம்பி ஓடும் தட்டையோ தேர்ந்தெடுங்கள். நீண்டகாலச் சுமை எவ்வளவு என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

போல்ட்டுகள் தளர்ந்ததற்கும் காரணம் இதுவே, ஆனால் நிலைமை தலைகீழானது. அங்கே நீளம் மாறுவதில்லை, விசைதான் குறைகிறது. இது தகைவுத் தளர்வு. சுருள்வில்லையும் தணிப்பானையும் ஒன்றன்பின் ஒன்றாக இணைத்த மாக்ஸ்வெல் மாதிரியை இழுத்துப் பிடித்து நிறுத்துங்கள்: தணிப்பான் மெல்ல நீள, அந்த அளவுக்குச் சுருள்வில் சுருங்கி, பிடி தளரும். தணிப்பானின் பாகுத்தன்மையைச் சுருள்வில்லின் விறைப்பால் வகுத்தால் கிடைக்கும் காலத்துக்குள் விசை முதலில் இருந்ததில் 37 சதவீதமாகிவிடும். உண்மையான பிளாஸ்டிக்கில் இப்படிப் பல காலங்கள் கலந்திருப்பதால், முதல் ஒரு மணியிலிருந்து பத்து மணிக்குள் இழக்கும் விசையும், பத்திலிருந்து நூறு மணிக்குள் இழக்கும் விசையும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும்.

ஆகவே பூட்டிய மறுநாள் ஒருமுறை மீண்டும் முடுக்கினால் இழப்பின் பெரும்பகுதி ஈடாகும். மிகையாக இறுக்காதீர்கள், அதிக அழுத்தத்தில் பிளாஸ்டிக் விரைவாக நழுவும், துளையோரம் விரிசலும் விடலாம். அகன்ற வாஷர் போடுவது நல்லது. துளைக்குள் உலோகக் குழல் பொருத்திய தயாரிப்பு கிடைத்தால் அதையே வாங்குங்கள், ஏனெனில் அங்கே போல்ட்டின் விசையைக் குழல் தாங்குகிறது, பிளாஸ்டிக் தாங்குவதில்லை.