மனுவின் முதல் மூன்று வரி

கேள்வி: தாலுகா ஆபீசில் மனுவை யாரும் முழுசா படிப்பதில்லையாமே, எப்படித் தொடங்கணும்?

பொருள், பார்வை, முதல் வாக்கியம்: கண் போவது இந்த மூன்றுக்குத்தான். பொருள் என்றால் என்ன வேண்டும் என்பது, பார்வை என்றால் இதே விஷயமாக முன்பு வந்த அல்லது போன கடிதத்தின் எண்ணும் தேதியும். தபாலைப் பிரிப்பவர் அப்போது தீர்மானிப்பது, இது எந்தப் பிரிவுக்குப் போகணும், பழைய கோப்பு இருக்கிறதா என்பதை மட்டுமே. ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டு மாதிரி, எந்த டாக்டர் என்று தெரிந்தால் போதும், நோயின் கதை அப்புறம்.

“பட்டா தொடர்பாக” என்று மொட்டையாக எழுதினால் பெயர் மாற்றமா, உட்பிரிவா, பிழைத் திருத்தமா என்று அவர் உள்ளே தேடணும். “பட்டா பெயர் மாற்றம், இன்ன கிராமம், சர்வே எண் 112/3” என்று எழுதுங்கள். முதல் வாக்கியம்: “தந்தை இறந்ததால் அவர் பெயரிலுள்ள பட்டாவை வாரிசுகளான எங்கள் பெயருக்கு மாற்றித் தர வேண்டுகிறேன்.”

“வட்டாட்சியர் அவர்கள் சமூகத்துக்கு, பணிவான வணக்கம்” என்று நீட்டினால்தான் மரியாதை என்பது தப்பு, “ஐயா” ஒன்றே போதும்.