பத்து மாட்டுப் பண்ணைக்கு ஆய்வு போதுமா, முழுத் திட்டம் வேண்டுமா?

கேள்வி: சொந்த நிலம் இரண்டு ஏக்கர் இருக்கிறது. கையில் இருக்கும் சேமிப்பிலேயே பத்து கறவை மாடு வாங்கி, பாலை முழுக்கப் பக்கத்துப் பால் சேகரிப்பு நிலையத்தில் ஊற்றலாம் என்று இருக்கிறேன். ஆலோசகர் ஒருவர் சாத்தியக்கூறு ஆய்வுக்கு ஒரு கட்டணம் சொல்கிறார், முழு வணிகத் திட்டத்துக்கு அதைப்போல் நாலு மடங்கு கேட்கிறார். "ஆய்வை மட்டும் வாங்கினால் பாதிக் கிணறு தாண்டின கதைதான்" என்கிறார். பின்னாளில் தயிர், நெய் போடும் எண்ணமும் உண்டு. எதை வாங்குவது?

பதில்: ஆய்வை மட்டும் வாங்குங்கள். ஆனால் அது உண்மையான ஆய்வாக இருக்க வேண்டும். இந்தத் தொழிலில் பலர் ஏமாறுவது அங்கேதான்.

இந்த இடத்தில், இந்தத் தண்ணீரை வைத்துக்கொண்டு, இந்தப் பால் விலையில் பண்ணை ஓடுமா ஓடாதா என்பதற்குப் பதில் சொல்வது ஆய்வு. 'ஓடாது' என்றும் அது சொல்லலாம். முழு வணிகத் திட்டம் அதற்கு அடுத்த படி. ஓடும் என்று முடிவான பிறகு யார் எவ்வளவு பணம் போடுவது, எந்த மாதம் எவ்வளவு உள்ளே வரும், கடன் எப்படி அடையும், சரக்கை யாரிடம் விற்பது என்றெல்லாம் வெளியாள் ஒருவருக்குக் காட்டுவதற்காக எழுதுவது. உங்களுக்குக் கடன் கொடுப்பவர் இல்லை, கூட்டாளி இல்லை, பாலை எடுக்க ஒரே இடம்தான். திட்டத்தில் சந்தை, நிர்வாகம், கடன் அடைவு என்று வரும் அத்தியாயங்களில் உங்களுக்காக எழுத அனேகமாக ஒன்றும் இருக்காது. அந்தப் பக்கங்களுக்குத்தான் மீதி மூன்று பங்கு கட்டணம் போகும்.

சரி, ஆய்வில் என்ன பார்க்க வேண்டும்? முதலில் பால் கணக்கு. பத்து மாட்டுப் பண்ணைக்கென்று ஒருவர் விலை கொடுத்து வாங்கிய அறிக்கையை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். பத்து மாடு, மாட்டுக்கு 15 லிட்டர், ஆக நாளைக்கு 150 லிட்டர், அதை 365-ஆல் பெருக்கி வருட வருமானம் போட்டிருந்தார்கள். அந்தப் பெருக்கலில் இரண்டு தப்பு இருக்கிறது.

ஒன்று, 15 லிட்டர் என்பது உச்சக் கறவை. கன்று போட்டு ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் மாடு அந்த அளவைத் தொடும், அப்புறம் மாதாமாதம் இறங்கும். உச்ச அளவை 200-ஆல் பெருக்கினால் ஒரு ஈற்றின் மொத்தப் பால் ஏறக்குறைய வரும் என்பது பண்ணைக்காரர்கள் கையாளும் வாய்ப்பாடு. 15 லிட்டர் உச்சம் உள்ள மாடு ஒரு ஈற்றில் 3,000 லிட்டர் தரும். அது 305 நாள் கறந்தால் சராசரி நாளைக்கு 10 லிட்டருக்குக் கொஞ்சம் கீழே.

இரண்டாவது, பத்து மாடும் ஒரே நேரத்தில் கறவையில் இருக்காது. ஒரு கன்றுக்கும் அடுத்த கன்றுக்கும் இடையே 12, 13 மாதம் இருப்பது நல்ல பராமரிப்பு. சினைப்பருவத்தைக் கவனிக்காமல் விட்டால் 15 மாதம் ஆவது சாதாரணம். அதாவது 455 நாளில் 305 நாள் கறக்கும், மீதி 150 நாள் வற்றுமாடாகத் தீவனம் மட்டும் தின்னும். அந்தக் கணக்கில் பத்தில் ஆறேழு மாடுதான் எந்த நாளிலும் பால் கொடுக்கும்.

இரண்டையும் சேர்த்தால் நாளைக்கு 66 லிட்டர் வருகிறது. அறிக்கையில் இருந்த 150-இல் பாதிகூட இல்லை.

செலவையும் லிட்டரிலேயே போட்டுப் பாருங்கள், விலை ஏறி இறங்கினாலும் கணக்கு பிடிபடும். ஒரு கிலோ அடர்தீவனம் முக்கால் லிட்டர் பாலின் விலைக்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம். கறவை மாட்டுக்கு உடம்பைக் காக்க ஒன்றரைக் கிலோ, அதற்கு மேல் இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ வீதம் கொடுத்தால், 10 லிட்டர் மாட்டுக்கு ஐந்தரைக் கிலோ ஆகும். வற்றுமாட்டுக்கு இரண்டு கிலோ. மொத்தம் 43 கிலோ, அதாவது 32 லிட்டர் பால். ஆள் கூலிக்கு 15 லிட்டர், வைக்கோலுக்கும் பசுந்தீவனம் வளர்ப்பதற்கும் 10, மருந்து, சினை ஊசி, மின்சாரத்துக்கு 4 என்று கொண்டால் 61 லிட்டர் போய்விடும். மிச்சம் 5 லிட்டர். கொட்டகைத் தேய்மானமும் இறந்துபோகும் மாடும் இன்னும் உள்ளே வரவில்லை. கூலி, தீவன விலை எல்லாம் உங்கள் பக்கத்தில் வேறாக இருக்கும், ஆகவே இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கணக்குப் போடும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள்.

இதே கணக்கில் கன்று ஈனும் இடைவெளியை மட்டும் 15 மாதத்திலிருந்து 13 ஆக்கிப் பாருங்கள். கறவையில் இருப்பவை 7.7 மாடு, பால் 76 லிட்டர். அடர்தீவனம் 3 லிட்டர் அளவுக்குக் கூடும், மற்ற செலவு அப்படியே. மிச்சம் 12 லிட்டர், முன்னைவிட இரட்டிப்புக்கு மேல். நல்ல ஆய்வு இதைக் கண்டுபிடித்து உங்களிடம் சொல்லும்: உங்கள் பண்ணையின் பிழைப்பு மாட்டின் உச்சக் கறவையைவிட, சினைப்பருவம் தவறாமல் கண்டு நேரத்தில் ஊசி போடுவதைத்தான் நம்பி இருக்கிறது. கூப்பிட்டால் அன்றே வரக்கூடிய ஊசி போடுபவர் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறார் என்று ஆய்வில் எழுதியிருக்க வேண்டும். எனக்குத் தெரிந்து பெரும்பாலான அறிக்கைகளில் இந்த வரி இருப்பதே இல்லை.

அடுத்தது தண்ணீர். குடிக்கவும் கழுவவும் பத்து மாட்டுக்கு நாளைக்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு லிட்டர் போதும் என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். மாட்டுக்கு 25 கிலோ பசும்புல் என்றால் பத்துக்கும் வருடத்துக்கு 90 டன்னுக்கு மேல் வேண்டும், அதற்கு ஒரு ஏக்கராவது புல் போட்டாக வேண்டும். ஒரு ஏக்கரில் ஐந்து சென்டிமீட்டர் ஆழம் நனைய இரண்டு லட்சம் லிட்டர் பாயும். பத்து நாளைக்கு ஒரு தடவை பாய்ச்சினால் நாளொன்றுக்கு 20,000 லிட்டர். ஆக, தண்ணீர்க் கணக்கைத் தீர்மானிப்பது மாடு இல்லை, புல்தான்.

இதை நீங்களே சோதிக்கலாம். கோடைக் கடைசியில், மோட்டார் இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு, 200 லிட்டர் பீப்பாயை வைத்து நேரம் பாருங்கள். இரண்டரை நிமிடத்தில் நிரம்பினால் மணிக்கு 4,800 லிட்டர், தினமும் நாலு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். போட்டவுடன் அளந்தால் கிணற்றில் தேங்கிய தண்ணீர் ஏமாற்றிவிடும். மழைக்காலத்தில் வந்து தண்ணீர் பார்த்துவிட்டுப் போகும் ஆலோசகரின் ஆய்வு எதற்கும் உதவாது.

மூன்றாவது, பால் எடுக்கும் இடம். 'தேவை அதிகம்' என்ற பொது வாக்கியத்தை ஏற்காதீர்கள். அந்த நிலையம் காலை, மாலை இரு வேளையும் சேர்த்துக் கூடுதலாக நாளைக்கு 70 லிட்டர் எடுக்குமா, கொழுப்பும் மற்ற திடப்பொருளும் எவ்வளவு இருந்தால் என்ன விலை, பால் பெருகும் மாதங்களில் திருப்பி அனுப்புவார்களா, பணம் எத்தனை நாளில் வரும் என்று ஆலோசகர் நேரில் கேட்டு எழுதியிருக்க வேண்டும். வெயில் நேரத்தில் குளிரூட்டாத பால் சில மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்கிவிடும். கறந்து முடித்து அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒருநாள் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

கட்டணம் பேசும்போது சிலவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் நிலத்துக்கு நேரில் வருவார், எந்த மாதம் வருவார் என்பது முதலாவது. பாதிப் பணம் முன்னால், மீதி அறிக்கை கைக்கு வந்தபிறகு. 'வேண்டாம்' என்று முடிவு வந்தாலும் அதே கட்டணம். கணக்குத் தாளை எண்களை மாற்றிப் பார்க்கும்படியான கோப்பாகவே தர வேண்டும், அச்சடித்த பக்கம் மட்டும் போதாது. பின்னால் முழுத் திட்டம் தேவைப்பட்டால் இப்போது கொடுக்கும் தொகையை அதில் கழிப்பாரா என்றும் கேளுங்கள். மாடோ பால் கறக்கும் இயந்திரமோ அவர் மூலமாக வாங்கச் சொல்கிறாரா என்றும் பாருங்கள். அப்படியென்றால் அவருடைய ஆய்வு 'வேண்டாம்' என்று சொல்லவே சொல்லாது. பழைய அறிக்கை ஒன்றைக் காட்டச் சொல்லி, அதில் வற்றுமாட்டின் தீவனச் செலவு தனி வரியாக இருக்கிறதா என்று தேடுங்கள். அது இல்லாவிட்டால் எல்லா மாடும் எல்லா நாளும் கறப்பதாகத்தான் கணக்கு போட்டிருக்கிறார்.

ஆய்வு சாதகமாக வந்தாலும் பத்தையும் ஒரே மாதத்தில் வாங்க வேண்டாம். எல்லாம் ஒன்றாக வற்றும், அந்த மாதங்களில் தீவனத்துக்கே கைப்பணம் போட வேண்டிவரும். ஐந்து இப்போது, ஐந்து ஐந்தாறு மாதம் கழித்து என்று பிரித்தால் பால் ஓரளவு சமமாக வரும். முதல் ஐந்து மாடு ஆய்வின் எண்களைச் சரிபார்த்தும் கொடுக்கும்.

முழுத் திட்டம் எப்போது வேண்டும்? கடன் வாங்கும்போதும், கூட்டாளி சேரும்போதும். கடன் என்றால் திட்டம் எழுத ஆள் பிடிப்பதற்கு முன் கடன் தருபவரிடம் அவர்களுடைய படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். சின்னத் தொகைக்குப் பல இடங்களில் சில பக்கப் படிவமும் உங்கள் ஆய்வின் கணக்குமே போதும்.

தயிர், நெய் விஷயம் வேறு. அப்போது நீங்கள் பால் ஊற்றுபவர் இல்லை, சரக்கு விற்பவர். பாலைச் சூடாக்கிக் குளிர்விக்கும் கருவி, உரிமம், பொட்டலம், தினமும் விற்காமல் திரும்பும் தயிர், கடைக்காரர் கடனாக எடுத்துத் தாமதமாகக் கொடுக்கும் பணம் எல்லாம் உள்ளே வரும். மாதவாரியான பணவரவுக் கணக்கு இல்லாமல் அதில் இறங்கவே கூடாது. அங்கே திட்டத்துக்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை. ஆனால் அதை இன்றைக்கு எழுதினால் பால் அளவு, கொழுப்பு எல்லாமே ஊகமாகத்தான் இருக்கும். முதல் மாடு வந்த நாளிலிருந்து ஒவ்வொன்றுக்கும் கன்று போட்ட தேதி, ஊசி போட்ட தேதி, இரு வேளைப் பால், சேகரிப்பு நிலையத்தின் கொழுப்புச் சீட்டு இவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இரண்டு வருடம் கழித்து தயிர்த் திட்டம் எழுத வருபவரிடம் அந்த நோட்டைக் கொடுத்து, இதிலிருந்து தொடங்குங்கள் என்று சொல்லலாம்.