காற்றுத் தொட்டியில் இருக்கும் காற்றும் நமக்குக் கிடைக்கும் காற்றும்

கேள்வி: "பட்டறையில் 500 லிட்டர் ஏர் டேங்க் இருக்கிறது. கம்ப்ரசர் நிமிடத்துக்கு 900 லிட்டர் தரும். 8 பாரில் நின்று 6.5 பாரில் மறுபடி ஓடும். சாண்ட் பிளாஸ்டிங் கன் 1,500 லிட்டர் எடுக்கிறது, அதற்கு 5.5 பார் வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் வேகம் செத்துவிடுகிறது. 3 நிமிடம் நிற்காமல் அடிக்க எவ்வளவு பெரிய டேங்க் வாங்க வேண்டும்?"

பதில்:

உங்கள் தொட்டியை நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. அதனுடன் இன்னொரு 1,000 லிட்டர் தொட்டியை இணைத்து, பிரஷர் சுவிட்சின் கீழ் அளவை 6.5 பாரிலிருந்து 7.2 பாருக்கு உயர்த்தினால் போதும். சுவிட்சைத் தொடாமல் தொட்டியை மட்டும் பெரிதாக்கினால் பணம்தான் வீணாகும். அதற்கான காரணத்தைக் கணக்கோடு சொல்கிறேன்.

கம்ப்ரசரின் 900 லிட்டரும் கன்னின் 1,500 லிட்டரும் வெளிக்காற்றின் அழுத்தத்தில் அளந்த காற்று. எனவே தொட்டிக்குள் இருப்பதையும் அதே அளவுக்கு மாற்றித்தான் ஒப்பிட வேண்டும். வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 1 பார். மீட்டர் காட்டும் 8 பார் அதற்கு மேற்பட்ட அழுத்தம் என்பதால் தொட்டிக்குள் உண்மையில் இருப்பது 9 பார். ஆகவே 500 லிட்டர் தொட்டியில் 4,500 லிட்டர் காற்று அடைபட்டிருக்கிறது. வால்வை முழுவதும் திறந்துவிட்டால் 4,000 லிட்டர் வெளியேறும். மீட்டர் பூஜ்யத்தைக் காட்டும்போதும் தொட்டியில் 500 லிட்டர் தங்கியிருக்கும்.

விற்பவர்கள் சொல்வது பெரும்பாலும் இந்த 4,000 லிட்டர் கணக்கைத்தான். ஆனால் கன்னுக்கு 5.5 பார் வேண்டும், ஹோஸிலும் ஃபில்டரிலும் 0.5 பார் இழப்பு என்று வைத்துக்கொண்டால், தொட்டியில் 6 பாருக்குக் கீழே இருக்கும் காற்று முழுவதும் உங்கள் வேலைக்கு உதவாது. 8 பாரிலிருந்து 6 பாருக்கு இறங்கும்வரை கிடைக்கும் 1,000 லிட்டர்தான் நமக்குரியது. தொட்டியின் கொள்ளளவை, நாம் அனுமதிக்கும் அழுத்த இறக்கத்தால் பெருக்கினால் பயன்படும் காற்று கிடைத்துவிடும். இரண்டு அழுத்தங்களின் வித்தியாசத்தை எடுப்பதால் வெளிக்காற்றின் 1 பாரைத் தனியாகக் கூட்ட வேண்டிய தேவையும் இல்லை.

இந்த 1,000 லிட்டரைக்கூட உங்கள் சுவிட்சு முழுமையாகப் பயன்படுத்த விடுவதில்லை. தொட்டி 8 பாரில் நிறைந்து கம்ப்ரசர் நின்றிருக்கும்போது கன்னைத் திறந்தால், 6.5 பாருக்கு இறங்கும்வரை கம்ப்ரசர் ஓடாது. அந்த 1.5 பாரில் இருக்கும் 750 லிட்டரை நிமிடத்துக்கு 1,500 வீதம் கன் அரை நிமிடத்தில் குடித்துவிடும். அதன் பிறகு கம்ப்ரசர் ஓடத் தொடங்கி 900 லிட்டர் தந்தாலும், பற்றாக்குறையான 600 லிட்டரைத் தொட்டிதான் ஈடுகட்ட வேண்டும். 6 பாருக்கு மிஞ்சியிருப்பதோ 250 லிட்டர். அது 25 விநாடியில் தீரும். ஆக மொத்தம் 55 விநாடி. நீங்கள் பார்ப்பதும் இதைத்தான். தொட்டி தற்செயலாக 6.6 பாரில் இருக்கும்போது வேலையைத் தொடங்கினால் அரை நிமிடம்கூடத் தாங்காது. ஒரே தொட்டி ஒரு நாள் நன்றாகவும் மறுநாள் மோசமாகவும் வேலை செய்வதாகத் தோன்றுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கம்ப்ரசரைக் கழற்றிப் பார்ப்பவர்கள் அதில் பழுது எதையும் காண்பதில்லை.

எனவே தொட்டியின் அளவைக் கணக்கிடும்போது, மேல் அழுத்தமாகக் கம்ப்ரசர் நிற்கும் அழுத்தத்தை எடுக்கக் கூடாது; அது ஓடத் தொடங்கும் அழுத்தத்தை எடுக்க வேண்டும்.

```
V = t × (Q − S) / (P1 − P2)
```

இங்கே V என்பது லிட்டரில் தொட்டியின் கொள்ளளவு, t நிமிடத்தில் வேலை நேரம், Q கன் எடுப்பது, S கம்ப்ரசர் தருவது, P1 கம்ப்ரசர் ஓடத் தொடங்கும் அழுத்தம், P2 தொட்டியில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச அழுத்தம். வெளிக்காற்றை 1 பாராகக் கொண்டதால் அது சூத்திரத்தில் தனியாகத் தெரியவில்லை. மூன்று நிமிடத்துக்கு உங்கள் பற்றாக்குறை 1,800 லிட்டர். இப்போதைய சுவிட்சு அமைப்பில் P1, P2 இரண்டுக்கும் இடையே 0.5 பார் மட்டுமே இருப்பதால் 3,600 லிட்டர் தொட்டி தேவைப்படும். ஓடத் தொடங்கும் அழுத்தத்தை 7.2 பாராக மாற்றினால் இடைவெளி 1.2 பாராகி, 1,500 லிட்டரிலேயே வேலை முடிந்துவிடும்.

அப்படியானால் 7.8 பாருக்கே உயர்த்திவிடலாமே என்று கேட்கலாம். அங்கே மோட்டார் குறுக்கே வருகிறது. நிற்கும் அழுத்தமும் ஓடத் தொடங்கும் அழுத்தமும் நெருங்கிவிட்டால் கம்ப்ரசர் நொடிக்கு நொடி நின்று நின்று ஓடும். ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் பாயும் மிகை மின்னோட்டம் மோட்டார் சுற்றைச் சூடேற்றும். கம்ப்ரசர் தருவதில் பாதியைப் பட்டறை எடுத்துக்கொண்டிருக்கும் வேளையில்தான் இந்தத் தொல்லை உச்சத்தில் இருக்கும். 1,500 லிட்டர் தொட்டியில் 0.8 பார் இடைவெளி இருந்தால், நிரம்புவதற்கு 160 விநாடியும் குறைவதற்கு 160 விநாடியும் ஆகும். மணிக்கு 11 முறை மோட்டார் தொடங்கும். 0.2 பார் இடைவெளியில் அதுவே 45 முறையாகிவிடும். உங்கள் மோட்டார் மணிக்கு எத்தனை தொடக்கங்களைத் தாங்கும் என்று அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். மோட்டாரை நிறுத்தாமல் வெற்றோட்டத்தில் விடும் அன்லோடர் வகைக் கம்ப்ரசராக இருந்தால் இந்தக் கவலை இல்லை.

வாங்குவதற்கு முன் அந்த 900 லிட்டரைச் சோதித்துவிடுங்கள். பிஸ்டன் கம்ப்ரசர்களின் பெயர்ப்பலகையில் சிலசமயம் சிலிண்டரின் இடப்பெயர்ச்சி அளவையே போட்டிருப்பார்கள். உண்மையில் வெளிவரும் காற்று அதைவிடக் கணிசமாகக் குறைவு. தொட்டியின் வெளி வால்வை மூடிவிட்டு, தொட்டிக்குள் தேங்கிய நீரை வடித்துவிட்டு, 6 பாரிலிருந்து 8 பாருக்கு ஏற எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். உள்ளே சென்றது 1,000 லிட்டர் என்பதால் 67 விநாடி ஆனால் நிமிடத்துக்கு 900 லிட்டர் சரி. 80 விநாடி ஆனால் 750 லிட்டர்தான். கம்ப்ரசரிலிருந்து வரும் காற்று சூடாக இருப்பதால் இந்தச் சோதனை விடையைச் சற்றுக் கூடுதலாகவே காட்டும். 750 என்று வந்தால் தேவைப்படும் தொட்டி 1,875 லிட்டராகிவிடும்.

தொட்டி எவ்வளவு பெரிதானாலும் அது காற்றை உற்பத்தி செய்வதில்லை. மூன்று நிமிட வேலைக்குப் பிறகு கடன்பட்ட 1,800 லிட்டரைக் கம்ப்ரசர் திருப்பி நிரப்ப இரண்டு நிமிடம் ஆகும். அதற்குள் மறுபடி கன்னைத் திறந்தால் அடுத்த சுற்று மூன்று நிமிடம் வராது. குழாய் இணைப்புகளில் கசிவு இருந்தால் இந்த இடைவேளை இன்னும் நீளும். நாசிலையும் கவனியுங்கள்: துளையின் விட்டம் ஐந்தில் ஒரு பங்கு தேய்ந்து பெருகினால் அதன் பரப்பு 44 விழுக்காடு கூடும். கன் 1,500-க்குப் பதில் 2,160 லிட்டர் எடுக்கும். பற்றாக்குறை இரண்டு மடங்குக்கு மேலாகி, புதிய 1,500 லிட்டர் அமைப்பிலும் மூன்று நிமிடம் ஒன்றரை நிமிடத்துக்குக் கீழே வந்துவிடும்.

இரண்டாவது தொட்டியைப் பழைய இரும்புக் கடையில் மலிவாக எடுக்க வேண்டாம். நீரழுத்தச் சோதனைச் சான்று உள்ள தொட்டியாக, அதன் வடிவமைப்பு அழுத்தம் 8 பாருக்கு மேல் இருப்பதாக, கம்ப்ரசர் தருவது முழுவதையும் வெளியேற்றும் திறனுள்ள சேஃப்டி வால்வுடன் வாங்குங்கள். அதைக் கன்னுக்கு அருகில் வைத்து, இரு தொட்டிகளையும் இணைக்கும் குழாயை அகலமாகப் போடுங்கள். குறுகிய குழாய் போட்டால் அதிலேயே 0.3 பார் இழந்து, 1.2 பார் என்று நாம் போட்ட கணக்கு 0.9 ஆகிவிடும்.