நண்பர் டபுள் கேட்டால் ஏற்கலாமா?

கேள்வி: ஐயா, நான் கோத்தகிரியில் சிறிய தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறேன். மழை மாலைகளில் நண்பருடன் பகடை உருட்டிக் காய் நகர்த்தும் பேக்கமன் ஆடுவோம். ஆட்டத்துக்கு 20 ரூபாய் பந்தயம். பந்தயத்தை இரட்டிப்பாக்கும் டபுளிங் கியூப் வந்ததிலிருந்து அதிகம் விடுகிறேன். பின்தங்கியிருக்கும்போது அவர் டபுள் கேட்டால் ஏற்பதா, ஆட்டத்தை விட்டுக்கொடுப்பதா?

பதில்: பின்தங்கியிருப்பது மட்டுமே விட்டுக்கொடுக்கக் காரணமாகாது. விட்டுக்கொடுத்தால் 20 ரூபாய் நிச்சயம் போகும். ஏற்றால் பந்தயம் 40. இதே நிலை நான்கு முறை வந்து, மூன்றில் தோற்று ஒன்றில் ஜெயித்தால் 120 போய் 40 வரும். நிகர நஷ்டம் 80. நான்கு முறையும் விட்டுக்கொடுத்தாலும் அதே 80தான். ஆக, நாலில் ஒரு வாய்ப்பு இருந்தாலே ஏற்கலாம். ஏற்றபின் கியூப் உங்கள் கையில். அடுத்த டபுளை நீங்கள் மட்டுமே கேட்கலாம். அந்த உரிமைக்கும் மதிப்புண்டு என்பதால் நூற்றுக்கு 22 வாய்ப்பு வரை இறங்கலாம்.

அந்த வாய்ப்பைப் பலகையிலேயே எண்ணிப் பார்க்கலாம். இருவர் காய்களும் ஒன்றையொன்று கடந்து, இனி வெட்டு இல்லை என்ற நிலைக்குத்தான் இந்தக் கணக்கு. ஒவ்வொரு காயும் வெளியேற எத்தனை புள்ளி வேண்டும் என்று கூட்டுங்கள். உங்களுக்கு 8ஆம் கட்டத்தில் மூன்று காய், 7இல் ஒன்று, 6இல் ஐந்து, 5இலும் 4இலும் மும்மூன்று என்றால் 24, 7, 30, 15, 12. மொத்தம் 88. நண்பருக்கு 80, பகடை உருட்டும் முறையும் அவருடையது என்போம்.

இந்த வித்தியாசத்தின் சதவீதத்தை எப்போதும் முந்தியிருப்பவரின், அதாவது குறைவாக உள்ளவரின், எண்ணிக்கையில் போடுங்கள். 8 சதவீதம் முந்தினால் முதல் டபுள் கேட்கலாம். கையிலுள்ள கியூபைத் திருப்பிக் கொடுக்க 9 வேண்டும், ஏனென்றால் அந்த உரிமை எதிராளிக்குப் போய்விடும். பின்தங்கியவர் 12 வரை ஏற்கலாம். 80க்கு 12 சதவீதம் 9.6, எனவே 89 வரை ஏற்கலாம், 90 என்றால் விட்டுவிட வேண்டும். உங்கள் 88இல் அவர் கேட்டதும் சரி, நீங்கள் ஏற்பதும் சரி.

நிறையப் பேர் ஏமாறுவது 1ஆம் கட்டத்தில் காய் குவியும்போது. அங்கே நிற்கும் காய்க்குப் பெரிய எண் விழுந்தாலும் ஒரு புள்ளிதான் பயன்படும், மிச்சம் வீண். அந்தக் கட்டத்தில் முதல் காய் போக ஒவ்வொன்றுக்கும் 2 கூட்டுங்கள். உங்கள் 88இல் மூன்று காய் அங்கே இருந்தால் உண்மைக் கணக்கு 92. அப்போது 20 ரூபாய் நஷ்டத்தோடு எழுந்துவிடுவதே லாபம். கடைசி நாலைந்து காய்கள் மட்டும் மிஞ்சும்போது சதவீதம் உதவாது. எந்தெந்த உருட்டில் முடியும் என்று நேரடியாக எண்ண வேண்டும்.

முதலில் சொன்ன ஆட்டத்தையே தொடர்வோம். ஏற்றுவிட்டீர்கள். அவருக்கு 3-1, உங்களுக்கு 6-6, இரட்டை என்பதால் 24 புள்ளி, மறுபடி அவருக்கு 3-1. இப்போது உங்களுக்கு 64, அவருக்கு 72. உங்கள் 64க்கு 12 சதவீதம் 7.7தான்; அவரோ 8 பின்தங்கியிருக்கிறார். பகடையை உருட்டுவதற்கு முன்பே கியூபை 4க்குத் திருப்பி நீட்டுங்கள். கணக்கு தெரிந்தவராக இருந்தால் 40 ரூபாயைக் கொடுத்துவிட்டுக் காய்களை மறுபடி அடுக்குவார்.