பனீர் எத்தனை பாக்கெட் எடுக்கலாம்? – கேள்வி பதில்

திருச்சியில் ஒரு டிபார்ட்மென்டல் ஸ்டோரில் பதினேழு வருஷம் கொள்முதல் பார்த்தவன் நான். பால் பொருள், பிரெட், மாவு என்று சீக்கிரம் கெடுகிற சரக்கைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணே, கரூர்ல மளிகைக் கடை. 200 கிராம் பனீர் தினம் நாலு பாக்கெட் போகுது. எக்ஸ்பைரி 15 நாள். 60 எடுத்து வைக்கலாம்ல? 48 எடுத்தா 4 ஃப்ரீன்னு டீலர் வேற சொல்றார். ரிட்டர்ன் கிடையாது.

வேண்டாம் தம்பி. அந்த 15 நாள் ஓட ஆரம்பிப்பது ஃபேக்டரியில், உங்கள் ஃபிரிட்ஜில் இல்லை. வந்து இறங்கும் பாக்கெட்டைத் திருப்பித் தேதியைப் பாருங்கள். டீலர் கிடங்கில் நாலு நாள் கிடந்துதான் வந்திருக்கும், ஆக மிச்சம் 11. கடைசி இரண்டு நாள் சரக்கை யாரும் வாங்க மாட்டார்கள். தேதியைப் படித்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார்கள். அதையும் கழித்தால் விற்க உங்களுக்குக் கிடைப்பது 9 நாள்.

ஒன்பது நாலு 36 என்று உடனே பெருக்காதீர்கள். அந்த நாலு சராசரி. பில்லை எடுத்துப் பார்த்தால் திங்கள் முதல் வெள்ளி வரை தினம் இரண்டு, சனி எட்டு, ஞாயிறு பத்து என்கிற மாதிரிதான் இருக்கும். வாரத்துக்கு 28. சரக்கு திங்கட்கிழமை இறங்கினால் அந்த 9 நாளில் ஒரு சனி ஞாயிறுதான் வரும், விற்பது 32. வெள்ளிக்கிழமை இறங்கினால் இரண்டு சனி, ஒரு ஞாயிறு வரும், 38 போகும். அதே பனீர், அதே கடை, இறங்கும் கிழமையால் ஆறு பாக்கெட் வித்தியாசம்.

திங்கள்தான் டீலர் வருகிறார் என்று வையுங்கள். ஃபிரிட்ஜில் பழசு எட்டு இருந்தால் அதுவும் இந்த 32க்குள்தான். புதுசு 24க்கு மேல் எடுக்கக் கூடாது. அதுவும் உச்சவரம்புதான். டீலர் வாராவாரம் ஒழுங்காக வருகிறவர் என்றால் ஒரு வாரத்து 28ம் கூட ஒன்றிரண்டும் கையில் இருந்தால் போதும், 32 வரை போக வேண்டியதில்லை.

இப்போது அந்த இலவசத்துக்கு வருவோம். வாங்குவது 72, விற்பது 90 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜ் காலியாக இருக்கும்போது 32 எடுத்து முழுக்க விற்றால் லாபம் 576 ரூபாய். 48க்குக் காசு கொடுத்து 52 வாங்கினால் போட்ட முதல் 3,456. விற்கப்போவது அதே 32 பாக்கெட், வருவது 2,880. நஷ்டம் 576. கடைசியில் பாதி விலைக்குத் தள்ளினால் கொஞ்சம் தேறும். ஆனால் நாலு ஃப்ரீ என்பது டீலர் தன் கிடங்கில் தேதி நெருங்கும் சரக்கை உங்கள் ஃபிரிட்ஜுக்கு மாற்றும் வழியாகவும் இருக்கும். அதனால் ஸ்கீம் சரக்கு என்றால் தேதியை இரண்டு தடவை பாருங்கள்.

சார், நான் எம்பிஏ படிக்கிறேன். sqrt(2DS/H) போட்டாலே ஆர்டர் அளவு வந்துடுமே? D வருஷ விற்பனை, S ஒரு ஆர்டருக்கு ஆகற செலவு, H சரக்கை வெச்சிருக்கற செலவு. வீணாகும் செலவையும் H-ல சேர்த்துட்டா போதும்.

பாதி சரி. தக்காளிக்கு நீங்கள் சொல்வது ஓரளவு பொருந்தும். அது கூடையில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அழுகும், அந்த இழப்பை வைத்திருக்கும் செலவோடு சேர்க்கலாம். பனீர் அப்படி இல்லை. ஒன்பதாம் நாள் வரை முழு விலை, அதற்கப்புறம் தேடி வர ஆள் இல்லை. சரிவு இல்லை, சுவர். அந்தச் சூத்திரத்தில் வருஷ விற்பனை, ஆர்டர் செலவு, வைத்திருக்கும் செலவு மூன்றும் இருக்கின்றன, சுவருக்கு இடம் இல்லை. அதனால் சூத்திரம் 60 சொல்லி, விற்கக்கூடியது 32 என்றால், குறைந்ததை எடுங்கள்.

ஆனால் அதோடு முடியவில்லை. 60க்குப் பதில் 32 எடுத்தால் ஆர்டர் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தடவை போட வேண்டும், வண்டிக் கூலியும் அத்தனை தடவை. அதைக் கழித்தும் லாபம் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் அந்தச் சரக்கே உங்கள் கடைக்கு வேண்டாம்.

மதுரையில் மெடிக்கல் ஷாப். எக்ஸ்பைரி ஆன சிரப்பை எப்படித் திருப்பி அனுப்புவது?

அது என் ஏரியா இல்லை. உங்கள் ஸ்டாக்கிஸ்டைக் கேளுங்கள்.

பிரெட் தினம் 10 போகுது, 5 நாள் தாங்கும். 50 எடுக்கலாமா?

கரூர் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள். வந்து இறங்கும் தேதி, மிச்ச நாள். தினமும் வண்டி வருகிற சரக்கை ஏன் ஐந்து நாளுக்கு அடுக்க வேண்டும்?

கணக்கெல்லாம் சரிதான், பழசை முன்னாடி வெச்சா கஸ்டமர் கையை விட்டுப் பின்னாடி இருக்கறதைத்தானே எடுக்கறாங்க? நான் புதுசைக் குடோன் ஃபிரிட்ஜ்ல வெச்சிடுவேன், பழசு தீர்ந்தாத்தான் வெளிய வரும்.

நல்ல இடத்தைத் தொட்டீர்கள். என் கணக்கு முழுக்கப் பழசு முதலில் போகும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. பழசும் புதுசும் ஒரே தட்டில் இருந்தால் அந்த எட்டு பாக்கெட் அப்படியே உட்கார்ந்திருக்கும், புதுசு தீரும். நானும் உங்களைப் போலத்தான் செய்தேன்.

அது ஏமாத்து வேலை இல்லையா? நான் வாங்கறவ. முழு விலை கொடுத்து மூணு நாள்ல முடியற பனீரை எதுக்கு வாங்கணும்?

தேதியை மறைக்கவில்லையே அம்மா, அச்சடித்தது பாக்கெட் மேலேயேதான் இருக்கிறது.

தேதி இருக்கு, ஆனா வேற பாக்கெட் இல்லையே. விலையைக் குறைங்க, நானே பழசை எடுத்துக்கறேன். இன்னிக்கே பட்டர் மசாலா பண்றவளுக்கு மூணு நாள் போதும்.

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. மூன்று நாள் இருக்கும்போது பத்து ரூபாய் குறைத்து ஸ்டிக்கர் ஒட்டிப் பார்த்தோம். பழசு போனது. ஆனால் ஸ்டிக்கர் எப்போது ஒட்டுவார்கள் என்று சிலர் காத்திருக்கவும் ஆரம்பித்தார்கள், முழு விலை விற்பனை குறைந்தது. குடோன்காரர் சொல்வதா, நீங்கள் சொல்வதா என்று இன்றைக்கும் என்னால் தீர்த்துச் சொல்ல முடியாது. புதுசு வருகிற அன்று பழசு ஒன்றிரண்டுக்கு மேல் நிற்காதபடி ஆர்டர் போட்டால் இந்தச் சண்டையே வராது, அவ்வளவுதான்.

அண்ணா, வீட்டிலேயே இட்லி மாவு பாக்கெட் போட்டு விக்கறேன். எத்தனை போடறதுன்னு தெரியலை. போன வாரம் தினமும் 20ம் தீர்ந்தது, 30 ஆக்கலாமா?

எத்தனை மணிக்குத் தீர்ந்தது தங்கச்சி? அதை எழுதி வைத்தீர்களா? காலை ஒன்பதுக்கே தீர்ந்தால் கேட்டு வந்தவர்கள் 20க்கு மேல். ராத்திரி எட்டுக்குத் தீர்ந்தால் 20தான் அளவு. அது தெரியாமல் 30க்குப் போகாதீர்கள், மறுநாள் புளித்த மாவைத் தோசைக்கு என்று சொல்லித்தான் விற்க வேண்டியிருக்கும்.

சார் தயிர் கப் எவ்வளவு ஆர்டர் போடலாம்?

வந்து இறங்கும் தேதி, மிச்ச நாள், கையில் இருக்கும் பழசு. மேலே இருக்கிறது, இதோடு மூன்றாவது தடவை.

புரட்டாசியில பனீர் இரண்டு மடங்கு போகுதே, அப்ப மட்டும் அதிகமா எடுக்கலாமா?

எடுக்கலாம், கடைசி ஆர்டரைத் தவிர. அசைவம் விட்டவர்கள் பனீருக்கு வருவதால் மூன்று வாரமாக நன்றாக ஓடும். அந்தப் பழக்கத்தில் நாலாவது வாரமும் அதே அளவு போடுவோம். ஆனால் அந்தச் சரக்குக்கு உள்ள 9 நாளில் பாதி ஐப்பசியில் விழும். நானே ஒரு வருஷம் போன வாரத்து பில்லைப் பார்த்து அப்படிப் போட்டேன். ஐப்பசி முதல் ஞாயிறு எங்கள் தெருமுனை மட்டன் கடையில் வரிசை ரோட்டைத் தொட்டது, என் ஃபிரிட்ஜில் 26 பாக்கெட். தேதி முடிவதற்குள் கடைப் பையன்கள் மூன்று நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பனீர் சாப்பிட்டார்கள். மூன்றாம் நாள் ஒருவன் தயிர்சாதம் கட்டிக்கொண்டு வந்துவிட்டான்.